தன்னைத் திரையில் முதன்முறை காணும் பாட்டி: சிறுகதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் எடுத்துத் தொகுத்த ஒரு வீடியோவில் ஒரு பாட்டி முதன்முறையாகத் தன்னையே திரையில் பார்க்கிறார். இதைக் கருவாகக் கொண்டு எழுதப்பட்ட சிறுகதைகளை வரைவு நிலையில் படித்துக் கருத்துச் சொல்லும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைத்துவருகிறது. எழுதுபவர்கள் வேறு வேறானாலும் அவர்களுக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகள் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு கதையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பின்தொடர்ந்திருக்கிறேன்.

ஒரு பாட்டி உட்கார்ந்து வீடியோ பார்க்கிறார், அவ்வளவுதானே? இதில் கதை எங்கே இருக்கிறது?

கண்ணாடியில் நாம் காணும் முகம் எப்போதும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம். கண்ணாடி முன் நிற்கும்போது நம்மை அறியாமலே தாடையைச் சற்று உயர்த்துகிறோம், உதட்டைச் சரிசெய்கிறோம், கண்ணைக் கொஞ்சம் அகலத் திறக்கிறோம். வேறு எதையோ கவனித்துக்கொண்டிருக்கும்போது நம் முகம் எப்படி இருக்கும், நடந்து போகும்போது நம் முதுகு எப்படித் தெரியும் என்பதை நம்மைத் தவிர வீட்டிலுள்ள எல்லோரும் அறிவார்கள். எழுபது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஒருத்தியைப் பாட்டி முதன்முறையாகச் சந்திக்கிறார் என்பதே இந்தக் கருவின் முதல் பாதி.

அந்த வீடியோ தொகுக்கப்பட்டது என்பது இரண்டாவது பாதி. யாரோ ஒருவர் அதை முழுமையாகப் பார்த்து, சிலவற்றை வைத்துக்கொண்டு சிலவற்றை நீக்கியிருக்கிறார். ஆகவே திரையில் இருப்பது பாட்டியின் உருவம் மட்டுமன்று, அவரை இன்னொருவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கான தடயமும் அங்கே இருக்கிறது. பல வரைவுகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அப்போது வியப்பு மட்டும் மிஞ்சுகிறது, கதை வருவதில்லை.

இந்தக் காலத்தில் தன்னைத் திரையில் பார்த்தே இராத பாட்டி என்றால் வாசகர் நம்புவாரா?

புகைப்படத்தில்கூடத் தன்னைப் பார்த்ததில்லை என்று எழுதினால் நம்பமாட்டார். புகைப்படங்களில் பார்த்திருக்கட்டும், போனில் வீடியோ அழைப்பும் பேசியிருக்கட்டும். அழைப்பின்போது மூலையில் தெரியும் நம் சொந்தப் படத்தைப் பெரும்பாலான செயலிகள் கண்ணாடியைப் போல இடவலம் மாற்றியே நமக்குக் காட்டுகின்றன. அதில் நம்மைப் பார்க்கும்போது கண்ணாடி பார்க்கும் அதே எச்சரிக்கையும் முகத்தில் வந்துவிடுகிறது. எனவே அவரே அறியாமல் எடுத்த, அவரே நடமாடுகிற, பெரிய திரையில் ஓடுகிற காட்சி என்பது உண்மையிலேயே முதன்முறையாக இருக்க முடியும்.

இதற்குக் காரணமாக ஒரு வாக்கியம் போதும். குடும்ப வீடியோக்களில் பாட்டி எப்போதும் படச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு தோளாகவோ, ஏதோ ஒன்றை நீட்டும் கையாகவோ மட்டும் இருந்திருக்கலாம். எடுத்துக்காட்டுக் கதையில் பேத்தி போனை அலமாரியின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டுப் போய்விடுகிறாள். குடும்பத்தார் கூடிய அந்த நாளில் அது நாற்பது நிமிடம் தானாகவே ஓடியிருக்கிறது. யாரும் கேமராவைப் பிடிக்காததால் பாட்டியும் அதை நினைக்கவில்லை. இந்த ஏற்பாடு கதைக்குப் பின்னால் பெரிதும் பயன்படும்.

தன்னைக் கண்டதும் பாட்டி "இது நானா?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறேன். சரிதானே?

அந்த வரியை எடுத்துவிடுங்கள். நான் படித்த வரைவுகளில் அது இல்லாதவை மிகக் குறைவு. அந்த வரியைக் கண்டதும் அடுத்த பத்தியில் என்ன வரும் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

அடையாளம் காண்பது ஒரே நொடியில் நடப்பதில்லை, அதற்கு ஒரு வரிசை உண்டு. பாட்டிக்கு முதலில் தெரிவது தன் வீட்டு அறை, பிறகு அந்தப் புடவை, அதன் பிறகுதான் புடவைக்குள் இருக்கும் ஆள். அந்த ஆளையும் முதலில் வேறொருவராக நினைக்கவே வாய்ப்பு அதிகம், ஏனெனில் நமக்கு நம் முதுகு பழக்கமில்லை. எடுத்துக்காட்டுக் கதையில் அந்த இடம் இப்படி வருகிறது: "ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் அக்கா மாதிரி இருந்தாள். அக்கா போய் ஒன்பது வருஷமாகிறது. அக்காவிடம் இந்தப் பச்சைப் புடவை எப்படி வந்தது என்று பாட்டி யோசித்தார். புடவை தன்னுடையது." கடைசி வாக்கியத்தோடு அந்தப் பத்தி முடிந்துவிடுகிறது. 'தானே' என்ற சொல்லை வாசகரே சொல்லிக்கொள்கிறார்.

தினமும் கண்ணாடியில் பார்க்கும் முகம்தானே, திரையில் மட்டும் ஏன் வேறாகத் தெரிய வேண்டும்?

கண்ணாடி இடவலத்தை மாற்றிக் காட்டுவது முக்கியக் காரணம். நம் இடக் கன்னத்தில் மச்சம் இருந்தால் கண்ணாடியில் அது நமக்கு இடப்பக்கமாகவே தெரியும். கேமரா நேருக்கு நேர் நின்று எடுக்கும்போது அதே மச்சம் திரையின் வலப்பக்கத்துக்கு வந்துவிடும். யாருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால் வகிடு, புருவம், சிரிக்கும்போது ஏறும் உதட்டோரம் எல்லாமே பக்கம் மாறிப்போய், முகம் தெரிந்ததாகவும் தெரியாததாகவும் இருக்கிறது. மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் 1977ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒருவரின் ஒரே படத்தை நேராகவும் கண்ணாடிப் பிம்பமாகவும் அச்சிட்டுக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பிம்பத்தையும் அவர்களுக்கு நெருக்கமானவர்கள் நேர்ப் படத்தையும் விரும்பினார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய முகத்தைத் தேர்ந்திருக்கிறார்கள்.

இதைக் கதையில் விளக்கக் கூடாது, ஓர் அசைவாக மாற்ற வேண்டும். பாட்டியின் முகம் திரைக்கு நேராகத் திரும்பும்போது, தன் மச்சத்தைத் தொட அவர் கை எழுகிறது; கண்ணாடிப் பழக்கத்தில் திரைக்கு நேராகப் போன கை வலக் கன்னத்தைத் தொடுகிறது. அங்கே மச்சம் இல்லை. இந்த ஒரு வாக்கியம் இரண்டு பத்தி உளவியலின் வேலையைச் செய்துவிடும். ஆனால் மச்சம் எந்தக் கன்னத்தில் இருக்கிறது என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே போகிற போக்கில் சொல்லி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாசகர் நின்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

முகத்தைப் போலவே குரலும் மாறித் தெரியுமா?

முகத்தைவிடக் குரல்தான் அதிகமாக அதிரவைக்கும் என்பது என் கருத்து. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை, மண்டை ஓட்டு எலும்புகள் வழியாகவும் உள்காதை அடைகிறது. எலும்பு வழி வருவதில் தாழ்ந்த அதிர்வுகள் கூடுதலாக இருப்பதால், நமக்குள் நம் குரல் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி வந்தது மட்டுமே இருப்பதால் அதே குரல் மெலிந்து, சற்றுக் கீச்சென்று ஒலிக்கிறது.

கதைக்குத் தேவையான செய்தி இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. அறையில் உள்ள மற்ற எவருக்கும் அந்தக் குரலில் புதுமை எதுவும் இல்லை, ஏனெனில் அவர்கள் இத்தனை வருஷமாகக் கேட்டுவந்தது அந்தக் குரலைத்தான். பாட்டி திடுக்கிட்டுச் சுற்றிப் பார்க்கிறார், யாரும் அசையவில்லை. தன் குரல் இப்படித்தான் இருந்திருக்கிறது என்பதை அவர் வீடியோவிலிருந்து தெரிந்துகொள்வதைவிட, பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடாததிலிருந்து தெரிந்துகொள்வது நல்லது.

வெட்டாத வீடியோவைப் போட்டுக் காட்டினாலும் இதெல்லாம் நடக்குமே. எடிட் செய்த வீடியோவாக ஏன் இருக்க வேண்டும்?

எடுத்துக்காட்டுக் கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாற்பது நிமிடக் காட்சியைப் பேத்தி, வாசலில் வேறொருவர் எடுத்த ஒரு துண்டையும் சேர்த்து, ஆறு நிமிடமாகச் சுருக்கியிருக்கிறாள். மூலக் காட்சியில் ஓர் இடத்தில் வாசலிலிருந்து யாரோ "எல்லாரும் வாங்க, போட்டோ எடுக்கலாம்" என்று கூப்பிடுகிறார்கள். அறை காலியாகிறது. பாட்டி நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு எழப் பார்க்கிறார், பாதி எழுந்து, முடியாமல் மீண்டும் உட்கார்ந்துவிடுகிறார். யாராவது பார்த்தார்களா என்று கதவுப் பக்கம் திரும்புகிறார். யாரும் இல்லை. உடம்பை நாற்காலியின் விளிம்புவரை நகர்த்திக்கொண்டு இரண்டாம் முறை எழுகிறார், எழுந்த இடத்திலேயே சற்று நின்று, பிறகு சட்டத்தைவிட்டு வெளியேறுகிறார். இவ்வளவுக்கும் ஏறக்குறைய நாற்பது நொடி ஆகியிருக்கிறது.

தொகுத்த வீடியோவில் அந்த நாற்பது நொடி இல்லை. கூப்பிடும் குரலுக்குப் பாட்டி தலையைத் திருப்புகிறார். அடுத்த கணம் வாசலில் எல்லோருக்கும் நடுவே நின்று சிரிக்கிறார். மற்றவர்கள் கண்ணில் இது படவே படாது. பாட்டிக்கு மட்டும் அந்த இடைவெளி தெரியும், ஏனெனில் அந்த நாற்பது நொடியை அவர் தன் முழங்காலால் நினைவில் வைத்திருக்கிறார்.

அன்று யாரும் பார்க்கவில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் காட்சி இல்லாமல் இருப்பதுதான், அதை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பதற்குச் சாட்சி. பார்க்காமல் வெட்டியிருக்க முடியாது. வெட்டாத வீடியோவில் பாட்டி தன் தள்ளாமையைக் காண்பார், அவ்வளவுதான். வெட்டிய வீடியோவில், தன் தள்ளாமையைத் தனியாக உட்கார்ந்து பார்த்து, அதை என்ன செய்வதென்று முடிவெடுத்த பேத்தியைக் காண்கிறார்.

வீடியோவிலேயே இல்லாத ஒன்றை வாசகருக்கு எப்படித் தெரியப்படுத்துவது? மூலக் காட்சியைத் தனியாகக் காட்ட வேண்டுமா?

காட்ட வேண்டாம். பேத்தி கணினி முன் உட்கார்ந்து வெட்டும் காட்சியை முன்கதையாக வைக்கும் வரைவுகள், பாட்டியின் கண்டுபிடிப்பை அவருக்கு முன்பே வாசகரிடம் கொடுத்துவிடுகின்றன. பிறகு பாட்டி கண்டுபிடிக்கும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியதாகிறது.

அதற்குப் பதிலாக அதே அசைவை இன்றைய அறையில், கதையின் தொடக்கத்திலேயே, முழு நேரமும் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். வீடியோவைப் பார்க்க முன்னறைக்கு வரச் சொல்கிறார்கள். பாட்டி கையை ஊன்றுகிறார், எழுகிறார், உட்கார்ந்துவிடுகிறார், விளிம்புக்கு நகர்கிறார், மறுபடி எழுகிறார். பேத்தி அந்த நேரம் முழுவதும் டிவியின் பின்னால் குனிந்து, ஏற்கெனவே சரியாகச் செருகியிருக்கும் வயரைத் திரும்பச் செருகிக்கொண்டிருக்கிறாள். முதல் வாசிப்பில் அது வெறும் வயர். இரண்டு பக்கம் கழித்து வெட்டு வரும்போது, எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது வாசகருக்கும் தெரியும், பேத்தி பார்க்காததுபோல் இருக்கப் பழகியவள் என்பதும் தெரியும்.

க்ளோசப், கட், ஸ்லோ மோஷன் இதெல்லாம் பாட்டிக்குத் தெரியாத சொற்களாயிற்றே. எப்படி எழுதுவது?

பாட்டியின் பார்வையில் போகும் கதையில் அந்தச் சொற்கள் வரவே கூடாது. அவர் கண்ணில் படுவதை எழுதினால் போதும். க்ளோசப் என்றால் முகம் சுவரளவு பெரிதாகிறது, காதோரத்து நரைமயிர் ஒவ்வொன்றும் தெரிகிறது. பின்னணி இசை சேர்த்திருந்தால், அன்று அந்த அறையில் ஓடிய மின்விசிறிச் சத்தமும் பிள்ளைகள் போட்ட கூச்சலும் எங்கே போயின என்று அவருக்குத் தோன்றும்.

வெட்டைக் காட்டுவதற்குத் தமிழ் வாக்கிய அமைப்பே நமக்கு உதவுகிறது. எழுந்து, நடந்து, வாசலுக்கு வந்து, நின்று சிரித்தாள் என்று வினையெச்சங்களை அடுக்கினால் அசைவு அறுபடாமல் ஓடும். அறையில் நடப்பதை அப்படி எழுதுங்கள். திரையில் நடப்பதை முற்றுப்புள்ளி வைத்து உடைத்து எழுதுங்கள்: "நாற்காலியில் இருக்கிறாள். தலையைத் திருப்புகிறாள். வாசலில் நிற்கிறாள்." நடுவில் ஒரு வினை காணாமல் போனதை வாசகரின் காது உணர்ந்துகொள்ளும். முந்தைய விடையில் சொன்ன எழுந்திருக்கும் காட்சி நீண்ட ஒரே வாக்கியமாக இருந்திருந்தால் இந்த உடைப்பு இன்னும் நன்றாகக் கேட்கும்.

பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது 'அவர்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா? ஒரே கதையில் இரண்டும் கலந்துவிடுகிறது.

கலந்துவிடுவது குறைதான், ஆனால் திட்டத்தோடு கலந்தால் அது இந்தக் கதைக்கு மிகவும் பொருந்தும். அறையில் உட்கார்ந்து பார்ப்பவரைக் கதைசொல்லி 'அவர்' என்றும், திரையில் நடமாடுபவளை 'அவள்' என்றும் சொல்லட்டும். அக்கா என்று மயங்கிய கணத்திலிருந்து திரையில் இருப்பவள் வேறொருத்தியாகவே இருந்துவருகிறாள், ஆகவே இந்தப் பிரிவு இயல்பாகவே அமையும். காலத்தையும் இதோடு சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம்: அறையில் நடப்பது இறந்தகாலம், திரையில் நடப்பது நிகழ்காலம். "பாட்டி கையை மடியில் வைத்துக்கொண்டார். அவள் ஜன்னலைப் பார்க்கிறாள்." யார் எங்கே இருக்கிறார் என்று எந்த இடத்திலும் குழப்பம் வராது.

இந்தப் பிரிவு ஒரே ஓர் இடத்தில் உடைய வேண்டும், அது வெட்டு வரும் இடம். எழுந்த விதத்தைப் பாட்டி நினைவுகூரும்போது, அந்த நாற்பது நொடியை நிரப்புபவள் 'அவள்' அல்ல, 'அவர்'. திரை விட்டுவிட்டதை அவர் உடம்பு சொல்கிறது. இதை இன்னொரு முறை செய்தால் உத்தியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பேத்தியின் பார்வையில் எழுதினால் என்ன? அவளுக்குத்தானே எல்லாம் தெரியும்?

எல்லாம் தெரியும் என்பதுதான் அதிலுள்ள சங்கடம். பேத்தி கதை சொன்னால் தான் வெட்டியதை வாசகரிடம் மறைத்து வைக்க வேண்டிவரும். அப்படி மறைப்பது செயற்கையாகத் தெரியும். மறைக்காமல் சொன்னால் கதை வேறாகிவிடுகிறது: பாட்டி கண்டுபிடித்துவிடுவாரோ என்று பதைத்தபடி அவர் முகத்தையே பார்த்திருக்கும் ஒருத்தியின் கதை. அதுவும் எழுதத்தக்க கதைதான். ஆனால் அதில் பாட்டி தன்னைக் காணும் அனுபவம் முழுவதும் வெளியிலிருந்துதான் தெரியும். மச்சத்துக்குப் போன கை தெரியும், அது ஏன் தவறான கன்னத்துக்குப் போனது என்பது தெரியாது. கரு பாட்டியுடையதாக இருக்கும்போது பார்வையும் அவருடையதாக இருக்கட்டும் என்பதே என் பரிந்துரை.

கடைசியில் பாட்டி கண்கலங்குகிறார் என்று முடித்தேன். எல்லோரும் வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

கண்ணீர் எதற்காக வந்தது என்று வாசகர் ஊகிக்கும் விடைகளில் முதுமை, தனிமை, நெகிழ்ச்சி என்று எல்லாமே இருக்கும். நீங்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய குறிப்பான செய்தி, அதாவது அன்று தன்னை ஒருத்தி பார்த்துவிட்டாள் என்பது, அந்தப் பொதுவான ஈரத்தில் கரைந்துவிடும்.

பாட்டி எதையாவது கேட்கட்டும். எடுத்துக்காட்டுக் கதையில் உரையாடல் இவ்வளவுதான்:

"போட்டோவுக்குக் கூப்பிட்டாங்களே, அந்த இடத்தை இன்னொரு வாட்டி போடு."

பேத்தி போட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் ஆச்சே கண்ணு."

"ரொம்ப நீளமா இருந்துச்சு பாட்டி. வெட்டிட்டேன்."

"எவ்வளவு நீளம்?"

இந்தக் கேள்விக்குப் பேத்தி நொடிக் கணக்கில் விடை சொல்லிவிட்டால் அவள் அதை எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள் என்பது வெளிப்பட்டுவிடும். 'தெரியல' என்றால் அவள் இன்னும் பாட்டியைக் காக்கிறாள் என்று ஆகும். இரண்டில் எதை வைத்தாலும் கதை நிற்கும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும், ஏனெனில் அதில் இருவரும் நடிப்பை விட்டுவிடுகிறார்கள்.

பேத்தி வெட்டியது சரியா, தவறா என்று கதை ஒரு நிலை எடுக்க வேண்டாமா?

எடுக்க வேண்டாம். தொகுப்பு வேலையில் ஒரு வெட்டுக்கு ஒரே காரணம் இருப்பது அரிது. ஒருவர் வெளியேறும் நாற்பது நொடி, நிலையாக நிற்கும் கேமராவில், ஆறு நிமிட வீடியோவில் இடம்பெறாது. வேறு யாராக இருந்தாலும் பேத்தி அதை நீக்கியிருப்பாள். அதே நேரத்தில் பாட்டி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்ததையும் அவள் கண்டிருக்கிறாள். இரண்டும் உண்மையாக இருக்கும்போது "நீளமா இருந்துச்சு" என்பது பொய்யும் அன்று, முழு மெய்யும் அன்று. இந்த நிலையில் கதையை விட்டுவையுங்கள். பேத்திக்கு ஒரு மன்னிப்புக் காட்சி எழுதிக் கொடுத்தால் அவள் குற்றம் செய்தவளாகிவிடுகிறாள்.

நான் வேறு மாதிரி எழுதினேன். பாட்டியின் சிரிப்பை வேறோர் இடத்திலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். நம்பும்படி இல்லை என்கிறார்களே?

கருத்தில் பிழை இல்லை. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர், மொஸ்ஜூகின் என்ற நடிகரின் ஒரே முகக் காட்சியைச் சூப்புத் தட்டு, சவப்பெட்டி போன்ற வெவ்வேறு காட்சிகளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் அந்த முகத்தில் ஒரு முறை பசியையும் இன்னொரு முறை துயரத்தையும் கண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அடுத்தடுத்து வரும் இரண்டு காட்சிகளை மனம் தானே இணைத்துக்கொள்கிறது என்பது இன்றும் தொகுப்பின் அடிப்படை. குழந்தை எழுந்து நடக்கும் காட்சிக்குப் பிறகு பாட்டி சிரிப்பதாக ஒட்டினால் எல்லோரும் நம்புவார்கள். வேறு எதற்கோ சிரித்தோம் என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும்.

வரைவுகள் தடுமாறுவது, ஒட்டியதைப் பாட்டி எப்படிக் கண்டுகொள்கிறார் என்ற இடத்தில். 'அவருக்கு நினைவிருந்தது' என்றால் போதாது. ஒட்டிய காட்சி தன்னைக் காட்டிக்கொடுக்கும் விதங்கள் உண்டு: ஜன்னல் வெளிச்சம் காலையிலிருந்து மாலைக்குத் தாவியிருக்கும், தோளில் இருந்த துண்டு காணாமல் போய்த் திரும்ப வந்திருக்கும், கண் பார்க்கும் திசை குழந்தை இருக்கும் பக்கத்தோடு பொருந்தாது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, குழந்தை நடக்கும் காட்சியை எழுதும்போதே அதை வைத்துவிடுங்கள். அப்படி வைத்தபின் விளக்கம் தேவைப்படாது. ஒட்டிய சிரிப்பையும் காணாமல் போன நாற்பது நொடியையும் ஒரே கதையில் சேர்க்க வேண்டாம். ஒன்று பாட்டியின் உணர்ச்சியை மாற்றுகிறது, இன்னொன்று அவர் உடம்பை மறைக்கிறது; ஒரு சிறுகதை இரண்டையும் தாங்காது.

வீடியோவில் ஆறு நிமிடம் இருக்கிறது. அத்தனையையும் விவரிக்க வேண்டுமா?

மூன்று காட்சிகள் போதும்: முதுகு, முகம், வெட்டு. மற்ற நேரத்தில் அறையில் இருப்பவர்களின் பேச்சு வரட்டும். அவர்கள் தங்களைத் திரையில் பார்த்துச் சிரிப்பார்கள், கூட்டத்தில் யாரோ ஒருவர் தன் தொப்பையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார். அந்தச் சத்தத்துக்குள் பாட்டி மட்டும் அமைதியாக இருக்கிறார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை வராது. ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் சொற்களுக்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். வீடியோ தொடங்குவதற்கே ஆறு பக்கம் எடுத்துக்கொள்ளும் வரைவுகளை, பாட்டி நாற்காலியிலிருந்து எழும் இடத்திலிருந்து தொடங்கச் சொல்வது என் வழக்கம்.

என் கதையில் வரும் பாட்டிக்கு மறதி நோய். தன்னையே அடையாளம் தெரியாமல் போவதாக எழுதலாமா?

எழுதலாம். மறதி நோய் முற்றியவர்களில் சிலருக்குக் கண்ணாடியில் தெரியும் தம் உருவமே வேற்றாளாகத் தோன்றுவது மருத்துவர்கள் அறிந்த ஒன்றுதான். ஆனால் அப்போது தொகுப்புக்குக் கதையில் வேலை இருக்காது என்பதைக் கவனியுங்கள். வெட்டு புலப்பட வேண்டுமானால், திரையில் இருப்பதைத் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரால் முடிய வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத இடத்தில் கதை, பார்ப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு நகர்ந்துவிடும். அந்தக் கதையைப் பேத்தியின் பார்வையில்தான் எழுத முடியும்.

பார்வை மங்கிய பாட்டி என்றால் நிலைமை வேறு. அவருக்கு முகம் வராது, குரல்தான் முதலில் வரும். குரலைப் பற்றி மேலே சொன்னவை அனைத்தும் அங்கே முழு எடையோடு பொருந்தும். அவரால் வெட்டையும் கண்டுபிடிக்க முடியும். கூப்பிட்ட குரலுக்கும் வாசலில் எழுந்த சிரிப்புக்கும் நடுவே நாற்காலி கிரீச்சிட்டிருக்க வேண்டும், இரண்டு முறை. அந்த இரண்டு கிரீச்சையும் முதல் பத்தியில், இன்றைய நாற்காலியில், கேட்கும்படி எழுதி வையுங்கள்.